அரிவாட்கல எதிருரு ஏன் அழியவில்லை?

கேள்வி: சவூதியின் அல்-அஹ்ஸாவில் வேலை செய்யும் என் காக்கா, அங்குள்ளவர்கள் நிக்காஹ்வுக்கு முன் அரிவாட்கல நோய்க்காகக் குருதி சோதித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றார். பிள்ளைகளின் உயிரைக் குடிக்கும் ஒரு நோய் இவ்வளவு காலமாக ஏன் அழியவில்லை? அது மலேரியாவிலிருந்து காக்கும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அது நோயா, பாதுகாப்பா? ஒரு காலத்தில் மலேரியா நிறைந்திருந்த நம் பக்கத்திலும் அது இருக்குமா? சொந்தத்துக்குள் கலியாணம் முடிப்பதால்தான் வருகிறது என்பது சரியா?
— வாசகி ஒருவர், கல்முனை

பதில்: சகோதரி, அது நோயா, பாதுகாப்பா என்பது ஒருவரிடம் அரிவாட்கல எதிருரு ஒன்று இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியை உருவாக்கும் பரம்பரையலகு நமக்கு உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாகக் கிடைக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறியதால், சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வலின் வந்து அமர்கிறது. இரண்டு பிரதிகளும் இப்படி மாறியிருந்தால், ஒட்சிசன் குறையும் இடங்களில் ஈமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாக நீண்டு, செங்குழியத்தை அரிவாள்போல் வளைத்துவிடும். கடும் வலியும் குருதிச்சோகையும் அதனால்தான் வருகின்றன. ஒரு பிரதி மட்டும் மாறியவருக்கு, அதாவது காவிக்கு, மற்றப் பிரதி தரும் நல்ல ஈமோகுளோபின் போதும். அவர் பெரும்பாலும் நோய் எதுவும் தெரியாமல் வாழ்ந்துவிடுவார்.

இந்தக் காவிதான் கதையின் மையம். 1954இல் அந்தோனி அலிசன் என்ற மருத்துவர் உகண்டாவின் கம்பாலாப் பகுதியில் 290 சிறுவர்களின் குருதியைச் சோதித்த முடிவை வெளியிட்டார். மாறிய எதிருருவைச் சுமந்த 43 பேரில் 12 பேரிடம் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. அது இல்லாத 247 பேரில் 113 பேரிடம் இருந்தது. நூற்றுக்கு 28 ஒரு பக்கம், 46 மறுபக்கம். பின்னாளில் கென்யாவில் நடந்த ஆய்வுகள் இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டின. காவிக்கும் தொற்று ஏற்படுகிறது. ஆனால் பல்சிபாரம் வகை மலேரியா முற்றி உயிராபத்தாக மாறுவது அவரிடம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒட்டுண்ணி புகுந்த செங்குழியம் ஒட்சிசனை இழந்து வளையத் தொடங்க, மண்ணீரல் அதை இனங்கண்டு அகற்றிவிடுகிறது. எஞ்சியவற்றிலும் ஒட்டுண்ணி சரியாக வளர்வதில்லை. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறனும் குறைகிறது.

இனி, கொல்லும் எதிருரு ஏன் அழியவில்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேரியா மலிந்த ஓர் ஊரில் 1000 பிள்ளைகள் பிறக்கின்றன, பிரதிகளில் பத்தில் ஒன்று மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு எவ்விதத் தெரிவுமின்றி நடந்தால் 810 பேருக்கு இரண்டும் சாதாரணம், 180 பேர் காவிகள், 10 பேருக்கு இரண்டும் மாறியவை. மருத்துவம் இல்லாத காலத்தில் அந்த 10 பேரும் சிறுவயதிலேயே இறந்துவிடுகிறார்கள். காவிகள் 180 பேரும் தப்புகிறார்கள். 810 பேரில் ஒன்பதில் ஒரு பங்கை, அதாவது 90 பேரை, மலேரியா எடுத்துக்கொண்டால் 720 பேர் மிஞ்சுவர். ஆக, வளர்ந்து பிள்ளை பெறும் 900 பேரிடம் 1800 பிரதிகள். அவற்றில் மாறியவை 180. மறுபடி பத்தில் ஒன்று! நோயால் இழந்த பிரதிகளை மலேரியாவில் தப்பிய காவிகள் ஈடுகட்டிவிடுகிறார்கள், அடுத்த தலைமுறையும் அதே விகிதத்தில் பிறக்கிறது. மலேரியா இன்னும் கொடியதாக இருந்தால் சமநிலை மேலே போகும், மென்மையானதாக இருந்தால் கீழே வரும். இயற்கை எவருக்கும் நன்மை பார்த்து இதைச் செய்யவில்லை. அந்தப் பத்துப் பிள்ளைகளின் துயரம் இந்தக் கணக்கால் குறைவதுமில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மலேரியாவும் இந்த எதிருருவும் ஒரே நிலத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியுமா? அந்த எதிருரு ஆபிரிக்கர்களிடம் வேறு காரணத்தால் பெருகியிருக்கலாம் அல்லவா? இதைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், நெடுங்காலம் மலேரியா நிறைந்திருந்த சூரினாமிலும் மலேரியா இல்லாத குராசோ தீவிலும் வாழ்கிறார்கள். குராசோவில் இந்த எதிருரு தெளிவாகக் குறைவு. மேலும், இது ஆபிரிக்காவோடு நிற்கவுமில்லை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் போன்ற மக்களிடம் இதைக் கண்டு அறிவித்தார்கள். மலையடிவாரக் காடுகளில் மலேரியா நெடுங்காலம் நிலைத்திருந்த நிலம் அது. உங்கள் காக்கா இருக்கும் அல்-அஹ்ஸாவும், அருகிலுள்ள கதீபும் நீரூற்றும் பேரீச்சந் தோட்டமும் நுளம்பும் நிறைந்த பாலைவனச் சோலைகள். அங்குள்ளவர்களிடமும் இந்தியப் பழங்குடிகளிடமும் இருப்பது ஒரே மரபுப் பின்னணியைக் கொண்ட எதிருரு. அதை அரபு-இந்திய வகை என்பார்கள். அந்த வகையினரிடம் கருக்கால ஈமோகுளோபின் பிறந்த பிறகும் அதிகம் நீடிப்பதால் நோய் பெரும்பாலும் சற்று மிதமாக இருக்கும். பத்துப் பேரும் இறப்பார்கள் என்ற என் கணக்கை அங்கே அப்படியே பொருத்த முடியாது.

அடுத்த ஆட்சேபம்: சவூதியின் கிழக்கில் மலேரியாவை ஒழித்து எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்றே, இன்னுமா? மேற்சொன்ன ஊரில் மலேரியாவை நிறுத்திப் பாருங்கள். பத்தில் ஒன்று அடுத்த தலைமுறையில் பதினொன்றில் ஒன்றாகும், பிறகு பன்னிரண்டில் ஒன்று. பாதியாகக் குறையப் பத்துத் தலைமுறை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு தேவை. காரணம் எளிது. மாறிய பிரதிகளில் பெரும்பகுதி நலமாக வாழும் காவிகளிடமே இருக்கிறது. நோயாளிகளை இன்று காப்பாற்ற முடிவதால் அதற்கும் மேல் ஆகும்.

இனி நம் பக்கம். 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கிழக்கின் உலர் வலயத்திலோ மலேரியா ஆண்டுதோறும் வந்துபோன ஒன்று. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார், 2016இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. இருந்தும் அரிவாட்கல எதிருரு இங்கு அரிது. மலேரியா விகாரத்தை வரவழைப்பதில்லை, தற்செயலாக வந்ததைப் பெருக்க மட்டுமே செய்கிறது. இத்தீவில் அப்படி வந்து நிலைத்தவை தலசீமியாவும் ஈமோகுளோபின் ஈ வகையும். இலங்கையில் நூற்றில் ஏறத்தாழ இருவர் பீற்றாத் தலசீமியாக் காவிகள்.

சொந்தத்துக்குள் கலியாணம் எதிருருவை உருவாக்குவதுமில்லை, பெருக்குவதுமில்லை. ஆனால் ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பிரதி இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தாய் தந்தை இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் அரிவாட்கலக் காவி, மற்றவர் பீற்றாத் தலசீமியாக் காவி என்றாலும் அதே நான்கில் ஒன்றுதான். மாமி மகளையோ மச்சானையோ முடிப்பவர்களாயினும், பிறத்தியில் முடிப்பவர்களாயினும், நாள் குறிப்பதற்கு முன் இருவரும் குருதி சோதித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குருதி எண்ணிக்கையில் தலசீமியாக் காவியின் செங்குழியங்கள் சிறியவையாகத் தெரிந்துவிடும். அரிவாட்கலக் காவியின் அறிக்கை முற்றிலும் சாதாரணமாக இருக்கலாம். அதைக் கண்டறிய, ஈமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் சோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.