மாதம் 3 வீதம் வட்டி: வருடத்துக்கு எவ்வளவு?

உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் ஒருவர் 10,000 ரூபாயை மாதம் 3 வீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். 'வருடத்துக்கு 36 வீதம்தானே' என்பார்கள். இது பெயரளவு வீதம் மட்டுமே.

கட்டாத வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்தால், முதல் மாத வட்டி 300 ரூபாய். இரண்டாம் மாதம் 10,300க்கு 309 ரூபாய். இப்படியே வருடமுடிவில் கடன் 14,257 ரூபாய் 61 சதமாகிறது. ஆகவே பயனுறு வருடாந்த வீதம் 42.58. 2018இல் நுண்நிதிக் கடன்களுக்கு இலங்கை மத்திய வங்கி விதித்த 35 வீத உச்ச வரம்பும் பயனுறு வீதமே. வட்டியை மாதந்தோறும் கட்டினால் கடன் வளராது.

சேமிப்பிலும் இதே கணக்குதான். 12 வீத வைப்பின் வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்தால் 12.68 வீதம் கிடைக்கும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 12.68ஆக இருக்கலாம், மாத வட்டியைக் கையில் வாங்குபவருக்கு 12 வீதமே. கையொப்பமிடுமுன் இரண்டு வீதங்களையும் நாம் கேட்டுக்கொள்வோம்.