எச்.ஆர். சொன்னது தகவலா, வாக்குறுதியா?

ஆபீசில் உங்களிடம் சொல்லப்படும் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பேரோல் டீம் அனுப்பிய மெயில்: "செக் பண்ணிவிட்டோம், இந்த அலவன்ஸுக்கு நீங்கள் எலிஜிபிள்தான்." இன்னொன்று, அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் சொன்னது: "ஏப்ரல் வரைக்கும் பொறுங்க, டீம் லீட் உங்களுக்குத்தான்." முதலாவதை நம்பி அதிக வாடகை வீட்டுக்குக் குடிபோனீர்கள். இரண்டாவதை நம்பி, கையிலிருந்த வெளி ஆஃபரை விட்டீர்கள். பிறகு கம்பெனி பிளேட்டைத் திருப்பிப் போடுகிறது.

சொன்ன சொல்லை மாற்றிப் பேச விடாமல் தடுக்கும் விதிக்குச் சட்டத்தில் எஸ்டாபல் என்று பெயர். ஆனால் மேலே சொன்ன இரண்டும் ஒரே எஸ்டாபலுக்குள் வராது. முதலாவது சாட்சியச் சட்டத்தில் இருக்கும் எஸ்டாபல் பை ரெப்ரசன்டேஷன். இரண்டாவது ப்ராமிசரி எஸ்டாபல். எது உங்களுடையது என்று தெரியாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று வேலை மிச்சம்.

1. முதலில் வாக்கியத்தின் காலத்தைப் பாருங்கள். "எலிஜிபிள்தான்" என்பது இப்போது இருக்கும் நிலையைப் பற்றிய தகவல். "உங்களுக்குத்தான்" என்பது இனி செய்யப்போவதைப் பற்றிய பேச்சு. இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டது 1854-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஜோர்டன் எதிர் மணி வழக்கு. ஒரு பெண்மணியிடம் ஓர் இளைஞரின் 1,200 பவுண்டு கடன் பத்திரம் இருந்தது. அதை வைத்துப் பணம் கேட்கமாட்டேன் என்று அவர் பலமுறை சொன்னார். அதை நம்பி இளைஞர் கல்யாணமும் செய்துகொண்டார். வழக்கில் இளைஞர் தோற்றார். "கேட்கமாட்டேன்" என்பது எண்ணம், நடப்பில் உள்ள உண்மை அல்ல, எனவே எஸ்டாபல் இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்தப் பெண்மணி "கடன் தீர்ந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் கதை வேறு.

2. உங்கள் கையில் இருப்பது தகவல் என்றால், திறக்கவேண்டியது பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023, பிரிவு 121. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 115. 2024 ஜூலை 1 முதல் எண் மட்டும் மாறியது, சாரம் மாறவில்லை. ஒருவர் தன் சொல்லாலோ செயலாலோ, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதாலோ, ஒரு விஷயம் உண்மை என்று இன்னொருவரை வேண்டுமென்றே நம்பவைத்து, அந்த நம்பிக்கையில் செயல்படவும் வைத்தால், அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கில் அதை அவர் மறுக்க முடியாது.

"வேண்டுமென்றே" என்ற சொல்லைப் பார்த்து, எச்.ஆர். ஏமாற்றினார் என்று நிரூபிக்கவேண்டும் என நினைக்காதீர்கள். சரத் சந்தர் டே வழக்கில் 1892-இலேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கிவிட்டது. சொன்னவர் நல்லெண்ணத்தில், தானே தவறாக நம்பிச் சொல்லியிருந்தாலும் எஸ்டாபல் வரும். கேட்டவர் எதை நம்பி என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. "சிஸ்டம் எரர்" என்ற சாக்கு மட்டும் கம்பெனியைக் காப்பாற்றாது.

3. இந்த எஸ்டாபலின் முழு பலத்தைப் பார்க்க, சம்பளக்காரர்களுக்கென்றே அமைந்த ஓர் ஆங்கில வழக்கு உண்டு: ஏவன் கவுன்டி கவுன்சில் எதிர் ஹவ்லெட், 1983-இல் வெளியான தீர்ப்பு. ஆசிரியர் ஒருவர் நீண்ட மெடிக்கல் லீவில் இருந்தார். கவுன்சிலின் பேரோல் அவருக்கு 1,007 பவுண்டு அதிகமாகக் கொடுத்துவிட்டது. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு. அவர் தரப்பில் காட்டப்பட்ட செலவு சுமார் 546 பவுண்டு மட்டுமே. மீதியையாவது கொடுக்கவேண்டாமா? வேண்டாம் என்றது அப்பீல் கோர்ட். இது உங்கள் பணம் என்று சொன்னவர், அது என் பணம் என்று நிரூபிக்க வாய் திறக்கவே முடியாது, பாதித் தொகைக்கென்று வாயைப் பாதியாகத் திறக்கவும் முடியாது. சாட்சிய விதி என்பதால் வரும் முரட்டுத்தனம் இது.

அந்த முரட்டுத்தனம் நீதிபதிகளுக்கே பிறகு உறுத்தியது. 2001-இல் ஸ்காட்டிஷ் எக்விட்டபிள் எதிர் டெர்பி வழக்கில், பென்ஷன் கணக்கில் ஒருவருக்குச் சுமார் 1,72,000 பவுண்டு தவறுதலாகக் கூடுதலாகப் போனது. அவர் திரும்பப் பெற முடியாதபடி செலவழித்தது சுமார் 9,600 பவுண்டு. மொத்தத்தையும் வைத்துக்கொள்ள அந்த கோர்ட் விடவில்லை. முழுப் பணத்தையும் அமுக்கலாம் என்று யாராவது உங்களுக்கு ஆசை காட்டினால் இந்த வழக்கைக் காட்டுங்கள்.

நம் ஊரில், அரசு ஊழியருக்குப் போன கூடுதல் சம்பளத்தை கோர்ட்டுகள் பெரும்பாலும் எஸ்டாபல் கணக்கில் பார்ப்பதில்லை. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபிக் மசீஹ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வேறு பாதையில் போனது. கீழ்நிலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் போன்றோரிடம் பிடித்தம் செய்வது கொடுமை என்ற அடிப்படையில் அதைத் தடுத்தது. 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதல் போனால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்த நீதித்துறை அதிகாரிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பே ஃபிக்சேஷன் சமயத்தில் நீட்டப்படும் அண்டர்டேக்கிங் ஃபார்மைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

4. உங்களுக்கே உண்மை தெரிந்திருந்தால் பிரிவு 121 உங்களுக்கு இல்லை. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903: வயது வராத ஒருவர் சொத்தை அடமானம் வைத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் ஏஜென்டுக்குத் தெரியும். பின்னாளில், மேஜர் என்று எழுதிக் கொடுத்தாரே, இப்போது மறுக்கலாமா என்று கடன் கொடுத்தவர் தரப்பு கேட்டதைப் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. இருவருக்குமே உண்மை தெரிந்த இடத்தில் நம்பவைத்தல் எங்கே நடந்தது? அலவன்ஸ் பாலிசி பிடிஎஃப் உங்கள் இன்பாக்ஸில் இருக்கிறது, "இது தப்பா வருது மச்சி" என்று நண்பருக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பியிருக்கிறீர்கள் என்றால், எஸ்டாபலை மறந்துவிடுங்கள்.

சட்டத்துக்கு எதிராகவும் எஸ்டாபல் கிடையாது. இது இரண்டு வகைக்கும் பொருந்தும். ஒரு பணிக்குச் சட்டபூர்வ விதி இன்ன டிகிரி வேண்டும் என்றால், ரெக்ரூட்மென்ட் அதிகாரி "பரவாயில்லை, உங்களுடையது போதும்" என்று சொன்னதால் தகுதி பிறந்துவிடாது. சனாதன் கௌடா எதிர் பெர்ஹாம்பூர் பல்கலைக்கழகம் என்ற 1990-ஆம் ஆண்டு வழக்கைப் பலர் இங்கே தப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள். மார்க் ஷீட்டைக் கொடுத்துத்தான் அந்த மாணவர் சட்டப் படிப்பில் சேர்ந்தார். அதைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, பரீட்சைகளும் எழுதவிட்டு, பிறகு தகுதியில்லை என்று ரிசல்ட்டை நிறுத்தியது பல்கலைக்கழகம். அது செல்லாது, எஸ்டாபல் தடுக்கிறது என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் விதிப்படியே அவருக்குத் தகுதி இருந்தது என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது ஆபத்து.

5. இனி மேனேஜரின் "உங்களுக்குத்தான்". பிரிவு 121 இதைத் தொடாது. இதற்கான ப்ராமிசரி எஸ்டாபல் எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்படவில்லை, சமநீதியின் பெயரில் கோர்ட்டுகள் வளர்த்தெடுத்தது. இந்தியாவில் இதன் தாய் வழக்கு மோதிலால் பதம்பத் சுகர் மில்ஸ் எதிர் உத்தரப் பிரதேச அரசு, 1979.

1968 அக்டோபரில் ஒரு செய்தித்தாளில், புதிய தொழிற்சாலைகளுக்கு மூன்று ஆண்டு விற்பனை வரி விலக்கு என்று செய்தி வந்தது. கம்பெனி அதோடு நிற்கவில்லை, கான்பூரில் வனஸ்பதி ஆலை போடப்போகிறோம், எங்களுக்கும் உண்டா என்று எழுதிக் கேட்டது. 1969 ஜனவரி 23-ஆம் தேதி தலைமைச் செயலாளரிடமிருந்து உறுதி செய்து கடிதம் வந்தது. அதை நம்பிக் கடன் வாங்கினார்கள், மெஷின் வாங்கினார்கள். 1970 ஜனவரியில் அரசு சுருதி மாறியது: முழு விலக்கு இல்லை, குறைந்த விகிதத்தில் வரி. கம்பெனி அதற்கும் சரி என்று எழுதியது. ஜூலையில் உற்பத்தி ஆரம்பம். ஆகஸ்டில் அந்தச் சலுகையும் போயிற்று.

நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அரசைக் கட்டிப்போட்டது. தெளிவான வாக்குறுதி, அதன்படி மற்றவர் நடப்பார் என்ற எண்ணம், அவரும் தன் நிலையை மாற்றிக்கொண்டது: இவை போதும். நஷ்டப்பட்டதாகத் தனியே நிரூபிக்கவேண்டியதில்லை, நிலையை மாற்றிக்கொண்டதே போதும். இன்னொரு முக்கியமான சங்கதி, இதை வைத்தே வழக்குப் போடலாம் என்று கோர்ட் சொன்னது. இங்கிலாந்தில் இது வெறும் கேடயம், தாக்க உதவாது என்பது 1951-இன் கோம்ப் எதிர் கோம்ப் வழக்கு முதல் நிலைபெற்ற கருத்து. பிரிவு 121-ஐ வைத்தும் தனியாக வழக்குப் போட முடியாது, ஏற்கெனவே இருக்கும் வழக்கில் எதிராளியின் வாயை அடைக்க மட்டுமே அது உதவும்.

பதிலுக்கு ப்ராமிசரி எஸ்டாபலில் வளைவு அதிகம். வாக்கைக் காப்பாற்றினால் பொதுநலன் கெடும் என்று அரசு ஆதாரத்தோடு காட்டினால் கோர்ட் விட்டுவிடலாம். வாக்குறுதி சூழ்நிலையோடு காலாவதியும் ஆகலாம். டென்னிங் தீர்த்து 1947-இல் வெளியான ஹை ட்ரீஸ் வழக்கில், போர்க்காலத்தில் பிளாட்டுகள் காலியாகக் கிடந்ததால் வாடகை பாதியாகக் குறைக்கப்பட்டது. 1945-இல் பிளாட்டுகள் நிரம்பியதும் முழு வாடகை மீண்டும் உயிர்பெற்றது. ஏவன் வழக்கின் முரட்டுத்தனம் இங்கே இல்லை.

தனியார் கம்பெனி ஊழியருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மோதிலால் அரசை எதிர்த்து ரிட் போட்டது. உங்கள் கம்பெனிக்கு எதிராக ஹைகோர்ட்டில் ரிட் போக வழி பெரும்பாலும் இருக்காது, சிவில் கோர்ட்தான். அங்கே முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும், "எழுத்தில் இல்லாத எதுவும் கட்டுப்படுத்தாது" என்ற அதன் கிளாஸையும் காட்டுவார்கள். "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்", "மேனேஜ்மென்ட் அப்ரூவ் பண்ணா" ஆகியவை தெளிவான வாக்குறுதிக் கணக்கில் சேராது.

6. ஆகவே வேலை வழக்குக்கு முன்பே ஆரம்பிக்கிறது. தகவல் என்றால் நிகழ்காலத்தில் கேளுங்கள்: "இந்த அலவன்ஸுக்கு நான் தகுதியானவன்தானா?" பதில் வந்ததும், அதை நம்பி என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி அனுப்புங்கள், அட்வான்ஸ் ரசீதை வைத்திருங்கள். வாக்குறுதி என்றால் மீட்டிங் முடிந்த அன்றே, யார், எந்தப் பதவி, எந்தத் தேதி என்று எழுதி, வெளி ஆஃபரை மறுக்கப்போவதையும் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். மோதிலால் ஜெயித்ததற்கு அந்த 1969 கடிதம் பெரிய காரணம், செய்தித்தாள் கட்டிங் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் ஏறக்குறைய கோட்டைவிட்ட இடமும் கவனிக்கத்தக்கது. குறைந்த சலுகைக்குச் சரி என்று எழுதிய கடிதத்தை வைத்து, உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று ஹைகோர்ட் தீர்த்தது. தன் உரிமை இன்னதென்று தெரிந்தே விட்டால்தான் அது வெய்வர், அரசு அதை உரியபடி எடுத்து வைக்கவும் இல்லை என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் காப்பாற்றியது. ஏப்ரலில் டீம் லீடுக்குப் பதில் ஒரு சின்ன இன்க்ரிமென்ட் லெட்டர் வந்தால் "அக்ரீட்" என்று பதில் அடிக்காதீர்கள். "பெற்றுக்கொண்டேன், முன்பு சொன்ன பதவி பற்றிய என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதி, பழைய மெயிலையும் கீழே இணைத்து அனுப்புங்கள்.