குழந்தையின் திரைக்குத் தனிக் கட்டணம் வேண்டுமா?

ஹைதராபாத் மாதாப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது மகளுக்குத் தனிச் சுயவிவரம் வேண்டும் என்பதற்காக, தந்தை நெட்ஃபிளிக்ஸின் ரூ.149 மொபைல் திட்டத்தை விட்டு ரூ.499 ஸ்டாண்டர்ட் திட்டத்துக்கு மாறினார். மாதம் ரூ.350, ஆண்டுக்கு ரூ.4,200 கூடுதலாகக் கணக்கிலிருந்து தானாகவே பற்று வைக்கப்படுகிறது. அவர் மாறியதற்கான காரணம் மட்டும் தவறானது.

மொபைல், பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் என்னும் நான்கு திட்டங்களிலும் ஒரு கணக்கில் ஐந்து சுயவிவரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். சிறுவர் சுயவிவரமும் பெற்றோர் கட்டுப்பாடும் மிகக் குறைந்த கட்டணத்திலேயே கிடைக்கின்றன. கட்டணத்துடன் மாறுவன படத்தின் தெளிவும், ஒரே நேரத்தில் இயங்கும் திரைகளின் எண்ணிக்கையுமே. மொபைலிலும் பேசிக்கிலும் ஒரு திரை, ஸ்டாண்டர்டில் இரண்டு, பிரீமியத்தில் நான்கு. மொபைல் திட்டம் கைபேசியிலும் டேப்லெட்டிலும் மட்டுமே இயங்கும். தொலைக்காட்சியில் காண வேண்டுமெனில், 2021 டிசம்பரில் ரூ.499-இலிருந்து ரூ.199 ஆகக் குறைக்கப்பட்ட பேசிக் திட்டம் போதும். மகள் பார்க்கும் அதே வேளையில் பெற்றோரும் வேறொன்றைப் பார்க்க விரும்பும் வீட்டுக்கே ஸ்டாண்டர்ட் தேவை.

பணத்தைவிடப் பெரிய கவனக்குறைவு வேறிடத்தில் நேர்கிறது. மகளுக்குச் சிறுவர் சுயவிவரம் அமைத்த பெற்றோர், தங்கள் சுயவிவரத்தைப் பூட்டாமல் விட்டுவிடுகின்றனர். எட்டு வயதுக் குழந்தை அதிலிருந்து வெளியேறித் தந்தையின் படத்தைத் தொட ஒரு நொடி போதும். தந்தையின் பார்வை வரலாற்றில் அவர் பார்க்காத தலைப்புகள் தோன்றினால், நடந்தது அதுவே எனக் கொள்ளலாம்.

ஆகவே பூட்டு வேண்டியது பெரியவர்களின் சுயவிவரங்களுக்கு. உலாவியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, தந்தையின் சுயவிவரத்தைத் தேர்ந்து, கடவுச்சொல்லை உள்ளிட்டு, நான்கு இலக்கப் பின் எண்ணை அமைக்க வேண்டும். புதிய சுயவிவரம் சேர்ப்பதற்கும் அப்பின் தேவை என்னும் தெரிவை அங்கேயே இயக்கலாம். இல்லையேல் கெட்டிக்காரக் குழந்தை தனக்கெனக் கட்டுப்பாடற்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். தாயின் சுயவிவரத்துக்கும் இதைத் தனியே செய்ய வேண்டும். ஒன்றில் வைத்த பூட்டு மற்றொன்றைக் காக்காது. (பிறந்த ஆண்டைப் பின் எண்ணாக வைப்பது நம் வழக்கம். அதைக் குழந்தைகளும் அறிவர்.)

பிறகு மகளின் சுயவிவரத்தில் வயது வரம்பைக் குறிக்கலாம். 2021 பிப்ரவரியில் மைய அரசு அறிவித்த விதிகள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து வகைகளை வகுத்து, 13+ முதலான நிகழ்ச்சிகளுக்குப் பூட்டு வசதி தருவதைக் கட்டாயமாக்கின. எட்டு வயதுக்கு 7+ பொருந்தும். வரம்புக்குள் இருந்தும் மகளை அச்சுறுத்தும் ஒரு தொடரை, அதன் பெயரைக் குறித்தே தடுத்துவிடலாம்.

இவற்றை முடித்த அத்தந்தை பேசிக் திட்டத்துக்கு இறங்கினால், மாதம் ரூ.300 கணக்கிலேயே தங்கும்.