போர்வையும் பூமியும்

ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில், உறவினர் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது, அவ்வூர் இளைஞர் மன்றத்தார் நம்மை நாடி வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திருப்பெரும்புதூர்ச் சாலையின் இருமருங்கிலும் உள்ள தொழிற்சாலைகளில் முறை மாறி முறை வேலை செய்பவர்கள். “பசுமையில்ல விளைவு என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள், டீச்சரம்மா” என்றனர். கரும்பலகையோ படமோ இல்லை. மரத்தடியில் அமர்ந்து வாய்மொழியாகவே நடத்திய அந்தப் பாடத்தை நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

முதலில் நாம் கேட்ட கேள்வி இது: “மார்கழி மாதத்தில் போர்த்திக்கொள்கிறோமே, அந்தப் போர்வை சூடு தருகிறதா?” சிலர் ‘ஆம்’ என்றனர். “அப்படியானால் கொடியில் தொங்கும் போர்வையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா?” என்றோம். சிரித்தனர். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; நம் உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேறும் வேகத்தை அது தடுக்கிறது. பூமிக்கும் அவ்வாறே. வெப்பம் வருவது கதிரவனிடமிருந்து. அதை விரைந்து போகவிடாமல் பிடித்து வைப்பது காற்று மண்டலம்.

போர்வை கதிரவனின் வெப்பத்தையும் உள்ளே விடாமல் தடுக்காதா என்று ஐயம் எழலாம். இங்கேதான் நுட்பம் உள்ளது. கதிரவனிடமிருந்து வருவது பெரும்பகுதி ஒளி. காற்று அதைத் தடையின்றி விடுகிறது. நிலமும் நீரும் அவ்வொளியை ஏற்றுச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகின்றன. அக்கதிர்களைக் காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியவை உறிஞ்சி எல்லாத் திசைகளிலும் வெளிவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மீண்டும் தரையை அடைகிறது.

இதற்குச் சான்று அவர்கள் அன்றாடம் காண்பதுதான். “இரவுப் பணிக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளை வெட்டவெளியில் விட்டால் காலையில் இருக்கை எப்படியிருக்கும்?” என்று கேட்டோம். “பனியில் நனைந்திருக்கும்” என்றனர். “மரத்தடியில் விட்டால்?” “காய்ந்திருக்கும்.” பனி மேலிருந்து விழுவதன்று. திறந்த வானத்தை நோக்கி இருக்கை தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அப்போது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. மரத்தின் இலைகள் தம் வெப்பக் கதிர்களைக் கீழே அனுப்புவதால் மரத்தடி இருக்கை அவ்வளவு குளிர்வதில்லை. மேகமூட்டமான இரவு புழுக்கமாக இருப்பதும், தெளிந்த இரவு குளிர்வதும் இதனாலேயே.

இந்தப் போர்வையே இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருக்கும். இப்போது ஏறத்தாழ 15 பாகையாக இருக்கிறது. ஆகவே போர்வை நமக்குப் பகை அன்று. அது தடித்துக்கொண்டே போவதுதான் கவலைக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிப்பதே இதற்குத் தலையாய காரணம்.

“இவ்வளவு சிறிய பங்கு என்ன செய்துவிடும்?” என்று ஒரு தம்பி கேட்டான். ஒரு வாளி நீரில் சில சொட்டு நீலம் விட்டால் வாளி முழுவதும் நிறம் மாறுவதை நினைவூட்டினோம். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் பிராண வாயுவும் வெப்பக் கதிர்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. தடுக்கும் வேலை அந்தச் சிறுபங்கினுடையதே.

“வெப்பம் சேர்ந்துகொண்டே போனால் பூமி வெந்துவிடாதா?” என்றான் மற்றொருவன். ஏரியின் கலங்கலைக் காட்டி விளக்கினோம். கலங்கலில் ஒரு வரிசைக் கல் உயர்த்தினால் நீர் சிறிது காலம் வெளியேறாமல் தேங்கும். மட்டம் உயர்ந்தபின் முன்போலவே வரவுக்கு ஏற்ற நீர் வழிந்தோடும். ஆனால் ஏரி முன்னிலும் உயரமாக நிற்கும். கரியமில வாயு மிகும்போதும் அப்படியே. பூமி சற்றுச் சூடாகி, அந்த உயர்ந்த வெப்பநிலையில் வரவும் செலவும் சமமாகின்றன. கல்லை அடுக்கிக்கொண்டே இருந்தால் மட்டமும் உயர்ந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நோக்க, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகம் ஏறத்தாழ 1.1 பாகை சூடேறியிருந்தது.

வெயிலில் கதவடைத்து நிறுத்திய கார் கொதிப்பதும் இதுதானா என்று கேட்டார்கள். பாதி உண்மை. கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது; ஆனால் சூடான காற்று வெளியேற வழியின்றி அடைபட்டிருப்பதே அங்கு முக்கிய காரணம். அதனால்தான் கண்ணாடியை இறக்கியவுடன் சூடு தணிகிறது. நம் போர்வை உவமைக்கும் இதே குறை உண்டு. உண்மைப் போர்வை பெரும்பாலும் காற்றின் அசைவைத் தடுக்கிறது. பூமியின் போர்வை கதிர்களைத் தடுக்கிறது. உவமை என்பது ஏணி. ஏறியபின் அதைக் கட்டிக்கொண்டு நிற்கலாகாது.

அடுத்து வந்த கேள்வி கூரியது. “எங்கள் ஊரில் வயலெல்லாம் கட்டடமும் தார்ச்சாலையுமாகி இரவிலும் அனல் அடிக்கிறதே, அதுவும் பசுமையில்ல விளைவா?” அன்று. தரையும் சுவரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுகின்றன. சிறிது தொலைவிலுள்ள வயல்வெளிக்குப் போனால் குளிர்ச்சி தெரியும். பசுமையில்ல விளைவோ கட்டடமே இல்லாத நடுக்கடலையும் சூடாக்குகிறது. கதிரவனின் வெப்பம்தான் கூடிவிட்டதோ என்றால், அதற்கும் விடை உண்டு. கதிரவன் காரணமாயின் காற்று மண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் கீழ்க்காற்று சூடேற, மேலே உள்ள அடுக்கு குளிர்ந்து வருகிறது. போர்வையைத் தடிப்பாக்கினால் உள்ளே கதகதப்பும் வெளிப்பக்கம் குளிர்ச்சியுமாக இருப்பதுபோல என்று கொள்ளலாம்.

இறுதியில், கார் ஏ.சி. பழுதுபார்க்கும் ஓர் இளைஞனுக்காக ஒரு கணக்குச் செய்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன் என்னும் அறிஞர், குளிர்சாதனங்களில் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களும் போர்வையாகச் செயல்படுகின்றன என்று 1975 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஓசோனைக் கெடுத்ததால் அவை விலக்கப்பட்டன. கார்களில் அவற்றுக்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ வாயு ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,300 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராக வெப்பத்தைப் பிடிக்கிறது. ஒரு காரில் அரைக் கிலோ வாயு இருப்பதாகக் கொள்வோம். பழுதுபார்க்கையில் அதைத் திறந்துவிட்டால் 650 கிலோ கரியமில வாயுவை விட்டதற்கு ஒப்பாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே அந்த ஒரு நொடிச் செயல் ஏறத்தாழ 280 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்.

அந்த இளைஞன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, “வாயுவை உறிஞ்சிச் சேர்க்கும் இயந்திரம் பட்டறை மூலையில் தூசி படிந்து கிடக்கிறது, நேரமாகிறது என்று நாங்கள் எடுப்பதில்லை” என்றான். நாம் எதுவும் கூறவில்லை. கணக்கை அவனே மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.