விடுபட்ட சொல்லும் அருகிலுள்ள இலக்கணமும்

ஒரு பத்தியில் இடையிடையே சில சொற்களை நீக்கிவிட்டு, அவ்விடங்களை நிரப்புமாறு கேட்பது க்ளோஸ் தேர்வு எனப்படும். 1953ஆம் ஆண்டு வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர் இம்முறையை அறிமுகப்படுத்தினார். மாணவரின் திறனை அளப்பது அன்று அவருடைய நோக்கமாக இருக்கவில்லை; ஓர் உரைநடை படிப்பவருக்கு எளிதா, கடினமா என்பதை அளக்கவே அவர் இதனை உருவாக்கினார். பின்னரே மொழித்தேர்வுகள் இதனை ஏற்றுக்கொண்டன.

இத்தேர்வில் மதிப்பெண் இழப்போரிற் பலர் பொருள் அறியாமையால் இழப்பதில்லை. பொருளுக்கு ஏற்ற சொல் கண்ணிற்பட்டவுடன், அதற்கு இருபுறமும் உள்ள எழுத்துகளைப் பாராமல் எழுதிவிடுவதால் இழக்கின்றனர். தமிழில் ஒரு சொல்லின் ஈறும், அதனையடுத்து வரும் சொல்லின் முதலெழுத்தும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. எனவே நீக்கப்பட்ட சொல் தன் அடையாளத்தை அண்டைச் சொற்களில் விட்டுச் செல்கிறது. கீழ்க்காணும் பத்தியில் இதனைக் காணலாம். முதலில் எதனையும் நிரப்பாமல் பத்தி முழுவதையும் ஒருமுறை படித்தல் வேண்டும்.

*ஊரின் மேற்கே __(1)__ ஏரி உள்ளது. மழைக்காலத்தில் அது நிறைந்தால், மிகுந்த நீர் கலிங்கின் வழியாகக் கீழே __(2)__ ஏரிக்குச் செல்லும். சென்ற ஆண்டு போதிய மழை பெய்தது. __(3)__ ஏரி நிறையவில்லை. வரத்துக்கால்வாயில் மண் மேடிட்டிருந்ததே அதற்குக் காரணம். ஊரார் கூடிக் கால்வாயைத் __(4)__ முடிவு செய்தனர். மடை காக்கும் முதியவர் கால்வாயின் பழைய எல்லையை அவர்களுக்குக் __(5)__. அவர் காட்டிய இடத்தில் தோண்டியபோது எல்லைக்கற்கள் __(6)__.*

1. ஒரு, ஓர், சில, ஒவ்வொரு
2. இருந்து, இருக்கும், இருக்கிறது, இருந்தன
3. எனவே, ஆயினும், ஆகையால், ஆதலால்
4. அகழ, ஆழப்படுத்த, தூர்வார, தூர்வாரிய
5. கூறினார், காட்டினர், காட்டினார், காட்டினான்
6. தென்பட்டது, தென்பட்டன, தென்பட்டனர், தென்பட்டாள்

முதல் இடம் எளியது. ‘உள்ளது’ என்னும் ஒன்றன்பால் வினைமுற்று ‘சில’ என்பதை விலக்குகிறது. ‘ஒவ்வொரு’ பொருளற்றுப் போகும். எஞ்சிய இரண்டில், உயிரெழுத்தில் தொடங்கும் ‘ஏரி’ என்னும் சொல்லுக்கு முன் ‘ஓர்’ வருவதே மரபு. மூன்றாம் இடத்தில் விடைப்பட்டியலே உதவுகிறது. எனவே, ஆகையால், ஆதலால் ஆகிய மூன்றும் ஒரே பொருளன. ஒன்று சரியெனின் மற்ற இரண்டும் சரியாகிவிடும். ஆதலால் மூன்றும் விடையாதல் இயலாது. மழை பெய்தும் ஏரி நிறையவில்லை என்னும் எதிர்மறையும் ‘ஆயினும்’ என்பதையே வேண்டுகிறது.

இரண்டாம் இடத்தில் சற்று நிற்க வேண்டும். இடைவெளிக்குப் பின் ‘ஏரிக்கு’ என்னும் பெயர் வருவதால், அங்கே பெயரெச்சம் வேண்டும் என்பது முதல் ஊகம். ‘இருக்கிறது’, ‘இருந்தன’ ஆகியன முற்றுகளாதலின் நீங்கும். ‘இருக்கும்’ என்பது முற்றாகவும் பெயரெச்சமாகவும் வரக்கூடிய வடிவம். இங்கே பெயரைத் தழுவுவதால் பெயரெச்சம். ஆனால் ‘இருந்து’ என்பதும் இலக்கணப்படி பொருந்தும். ‘கீழே இருந்து ஏரிக்கு’ என்பது பிழையற்ற தொடரே. இங்கே தீர்ப்பளிப்பது இலக்கணம் அன்று, நீரின் போக்கு. கலிங்கின் வழியே வழியும் நீர் தாழ்ந்த இடத்திற்குப் பாயுமேயன்றி, தாழ்விலிருந்து மேலேறாது. விடை ‘இருக்கும்’. இலக்கணம் இரண்டு விடைகளை விட்டுவைக்கும்போது மட்டுமே பொருளிடம் செல்வது நல்ல வரிசை.

நான்காம் இடமே இப்பத்தியில் மிகுதியானோர் தவறும் இடம். ‘ஆழப்படுத்த’ என்பது பொருளுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. ‘அகழ’ என்பதும் அவ்வாறே. ஆயினும் இடைவெளிக்கு முன் ‘கால்வாயைத்’ என்று அச்சாகியுள்ளது. இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ வெளிப்படையாக நின்று, அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கினால், அவ்வெழுத்திற்குரிய ஒற்று மிகும். இங்கே மிகுந்திருப்பது ‘த்’. ஆகவே விடுபட்ட சொல் தகர வரிசையில் தொடங்கியே ஆக வேண்டும். உயிரில் தொடங்கும் இரு சொற்களும் பொருள் எவ்வளவு பொருந்தினும் நீங்கிவிடும்.

இனி எஞ்சுவன ‘தூர்வார’, ‘தூர்வாரிய’ என்னும் இரண்டே. பின்னால் ‘முடிவு’ என்னும் பெயர் நிற்பதைக் கண்டு, பெயரெச்சமாகிய ‘தூர்வாரிய’ என்பதைத் தேர்வோர் உளர். அவ்வாறாயின் தூர்வாரியது முடிவு என்றாகிவிடும். ‘முடிவு செய்தனர்’ என்பது இரு சொற்களாக எழுதப்பட்டாலும் ஒரு வினையாகவே நடக்கிறது. அவ்வினையின் நோக்கத்தைக் கூறுவது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். எனவே ‘தூர்வார’ என்பதே விடை. இடைவெளிக்குப் பின்னுள்ள ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், வினை முடியும்வரை படிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஒற்றுச் சான்றுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒற்று இருப்பது உறுதியான சான்று. ஒற்று இல்லாமை எப்போதும் அவ்வளவு உறுதியன்று. ‘ஐ’, ‘கு’ ஆகிய உருபுகளுக்குப் பின் ஒற்று இல்லையெனில், அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்காது எனத் துணியலாம். ஒற்று மிகாத இடங்களிலோ அதன் இன்மை எதனையும் காட்டாது. ‘எனது’ என்பதற்குப் பின் ‘கை’ வரினும் ‘எண்ணம்’ வரினும் இடையில் ஒற்றில்லை. அச்சில் ஒற்று விடுபடுவதும் உண்டு. எனவே ஒற்றின்மையை மட்டும் நம்பி, பொருள் நன்கு பொருந்தும் ஒரு விடையை விலக்குமுன் வேறொரு சான்றையும் தேடுதல் வேண்டும்.

ஐந்தாம் இடத்தில் ‘க்’ இருந்தும் பயனில்லை. நான்கு விடைகளும் ககர வரிசையில் தொடங்குகின்றன. ‘முதியவர்’ என்பதற்குக் ‘காட்டினான்’ இயையாது. ‘முதியவர்’ ஒருவரா, பலரா என்பதை அத்தொடர் சொல்லவில்லை. அடுத்த தொடரின் ‘அவர்’ அதனைச் சொல்கிறது. பலராயின் ‘அவர்கள்’ என வந்திருக்கும். எனவே மரியாதை ஒருமை கொண்ட முற்றே தேவை, ‘காட்டினர்’ நீங்கும். ‘கூறினார்’, ‘காட்டினார்’ ஆகிய இரண்டில், ‘அவர் காட்டிய இடத்தில்’ என்னும் அடுத்த தொடர் முன் நிகழ்ந்த செயலையே மீண்டும் குறிப்பிடுவதால் ‘காட்டினார்’ என்பது உறுதியாகிறது. விடை இடைவெளிக்குப் பின்னும் கிடக்கலாம் என்பதனால்தான் முழுப்பத்தியையும் முதலிற் படிக்க வேண்டும் எனப்பட்டது.

ஆறாம் இடத்தில் பேச்சுவழக்கே பகை. ‘கற்கள் தென்பட்டது’ என்று பேசிப் பழகிய நாவிற்கு அது பிழையாகத் தோன்றாது. ‘கள்’ ஈறு பெற்ற அஃறிணைப் பன்மைக்குப் பலவின்பால் முற்று வேண்டும்; எனவே ‘தென்பட்டன’.

பயிற்சி

கீழ்க்காணும் பத்தியை நிரப்புக. ஒவ்வொரு விடைக்கும் சான்றாக அமைந்த சொல்லையோ எழுத்தையோ அடிக்கோடிடுக.

*குளக்கரையில் பனைமரங்கள் வரிசையாக __(1)__. அவற்றின் வேர்கள் மண்ணை __(2)__ வைத்துக் கரையைக் காக்கின்றன. __(3)__ கரையைப் பலப்படுத்த எண்ணிய முன்னோர் பனையை நட்டனர்.*

1. நின்றது, நின்றன, நிற்கிறது, நிற்கின்றன
2. பிடித்து, தடுத்து, இறுக்கி, கட்டி
3. ஆயினும், எனவே, ஆனால், இருப்பினும்