கேம் கிராஷ் ஆகுதா? ஸ்டுடியோவுக்கு இப்படி எழுதுங்க

போன செமஸ்டர் லீவுல ஒரு சின்ன ஸ்டுடியோவோட கேம் ஆடிட்டு இருந்தேன். மீன் பிடிச்சு, வித்து, படகுல தீவு தீவா போகணும். 18 மணி நேரம் ஆடின பிறகு ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். படகுல ஏறினதும் கேம் மூடிக்கும். எர்ரர் மெசேஜ் கூட வராது, நேரா டெஸ்க்டாப்தான்.

ஸ்டுடியோவுக்கு மெயில் போட்டேன்: "கேம் அடிக்கடி கிராஷ் ஆகுது, சீக்கிரம் சரி பண்ணுங்க." பதில் வந்தது: "எங்களிடம் நன்றாக ஓடுகிறது. கூடுதல் விவரம் தர முடியுமா?"

முதல்ல கோபம்தான் வந்தது. அப்புறம் யோசிச்சா, அவங்க கேட்டது நியாயம். ஒரு பிழையைச் சரி செய்யணும்னா, அது முதல்ல புரோகிராமர் கண் முன்னாடி நடக்கணும். என் கம்ப்யூட்டர்ல நடக்கிறதை அவர் கம்ப்யூட்டர்ல நடக்க வைக்கிறதுதான் நம்ம கடிதத்தோட வேலை. என் மெயில்ல அதுக்கு ஒரு வழியும் இல்லை.

அதனால கடிதம் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் சோதனை பண்ணினேன். முதல்ல "அடிக்கடி"ங்கிற சொல்லை எண்ணா மாத்தினேன். 10 தடவை படகுல ஏறினேன், 10 தடவையும் கிராஷ். அடுத்து, ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்திப் பார்த்தேன். கிராஃபிக்ஸைக் குறைச்சேன், அப்பவும் கிராஷ். என் சேவ் ஃபைலை ரூம்மேட் லேப்டாப்ல போட்டேன், அங்கேயும் கிராஷ். அப்போ என் லேப்டாப் காரணம் இல்லை. புது கேம் ஆரம்பிச்சுப் படகுல ஏறினேன், கிராஷ் இல்லை. அப்போ விஷயம் என் சேவ் ஃபைலுக்குள்ளதான் இருக்கு.

படகுல ஏறினதும் படகோட்டி ஒரு வரைபடம் தருவார். புது கேம்ல என் பை காலி. பழைய சேவ்ல 24 இடமும் நிரம்பியிருந்தது. ஒரு மீனைத் தூக்கிப் போட்டுட்டு ஏறினேன், கிராஷ் இல்லை. திரும்ப பையை நிரப்பினேன், கிராஷ்!

அடுத்தது ஆதாரம். இந்த கேம் யூனிட்டில செஞ்சது. விண்டோஸ்ல யூனிட்டி கேம்களோட லாக் வழக்கமா இங்கே இருக்கும்:

```
%USERPROFILE%\AppData\LocalLow\CompanyName\ProductName\Player.log
```

இங்கதான் பலர் கோட்டை விடுறோம். கிராஷ் ஆனதும் கேமைத் திரும்பத் திறந்தா, பழைய லாக் `Player-prev.log`னு பெயர் மாறிடும். இன்னொரு தடவை திறந்தா அதுவும் போயிடும். அதனால கிராஷ் ஆன உடனே காப்பி எடுத்து வைங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க, ஃபோல்டர் பாதையில உங்க விண்டோஸ் யூசர் பெயர் இருக்கலாம். இதோட `Event Viewer`ல `Windows Logs`, அதுக்குள்ள `Application` போனா, கிராஷ் ஆன நேரத்துக்கு நேரா ஒரு `Application Error` வரி இருந்தது. அதுல இருந்த `Exception code`ஐ எழுதி வெச்சேன்.

ஆங்கிலத்தில் நான் அனுப்பிய இரண்டாவது கடிதம், தமிழில்:

> தலைப்பு: பை நிரம்பியிருக்கும்போது படகில் ஏறினால் கிராஷ் (பதிப்பு 1.3.2, விண்டோஸ் 11)
>
> வணக்கம்,
>
> செய்ய வேண்டியவை:
> 1. இணைத்துள்ள சேவ் ஃபைலைத் திறக்கவும். பையில் 24 இடமும் நிரம்பியிருக்கும்.
> 2. துறைமுகத்தில் படகில் ஏறவும்.
>
> எதிர்பார்த்தது: படகோட்டி வரைபடம் தருவார், அல்லது பை நிரம்பிவிட்டது என்று சொல்வார்.
> நடந்தது: ஓரிரு நொடியில் கேம் மூடிக்கொள்கிறது. 10 முயற்சியில் 10 முறை.
>
> ஒரு பொருளைக் கீழே போட்டுவிட்டு ஏறினால் கிராஷ் இல்லை. வேறொரு லேப்டாப்பிலும் இதேதான். கிராஃபிக்ஸைக் குறைத்தாலும் மாற்றமில்லை.
>
> Exception code: 0xc00000fd
> இணைப்பு: சேவ் ஃபைல், Player.log, dxdiag அறிக்கை.

ஒண்ணு கவனிங்க. "உங்க இன்வென்ட்ரி கோடுல தப்பு"னு நான் எழுதலை. நான் பார்த்தது கிராஷ், கோடு இல்லை. ஊகம் தப்பானா, அவங்க தப்பான இடத்துல தேடுவாங்க. ஊகம் சொல்லியே ஆகணும்னா கடைசியில, ஊகம்னு சொல்லியே எழுதுங்க. அதே மாதிரி 10 தடவையில 3 தடவைதான் கிராஷ் ஆச்சுன்னா, 3னே எழுதுங்க. "எப்பவும்"னு எழுதினா, அவங்க ஒரு தடவை முயற்சி பண்ணி, ஒண்ணும் ஆகலைன்னு மூடிடுவாங்க.

மறுநாளே பதில் வந்தது. `0xc00000fd`னா ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. பையில காலி இடம் தேடுற ஃபங்ஷன், இடம் கிடைக்கலைன்னா தன்னையே திரும்பக் கூப்பிடுது. பை நிரம்பியிருந்தா அதுக்கு முடிவே இல்லை. முதல் வருஷம் ரிகர்ஷன் பாடத்துல படிச்ச அதே பேஸ் கேஸ்தான் இங்க விட்டுப்போயிருக்கு! அவங்க டெஸ்ட் பண்ணும்போது யார் பையும் நிரம்பியிருக்கலை, அதான் அவங்ககிட்ட நல்லா ஓடியிருக்கு.

அடுத்த அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க. படகோட்டி இப்போ "உன் பையில இடமில்லையே"ங்கிறார்.