மீட்டப்புக்குப் போகும் மாணவர்களுக்கு: பேசும்போதே ஒரு பாக்கி வையுங்கள்

பிரேசர் டவுனில் தங்கிப் படிக்கும் கணினித் துறை மாணவர்கள் பலர் மாதம் ஒரு சனிக்கிழமையாவது ஏதோ ஒரு தொழில்நுட்பச் சந்திப்புக்குப் போய்வருகிறார்கள். லேப்டாப் பையில் நாலு ஸ்டிக்கர் கூடுகிறது. லிங்க்ட்இன்னில் முப்பது பேருக்கு அழைப்பு போகிறது. பத்துப் பேர் ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நகராது. அனுப்பிய செய்தி மோசமாக இருந்தது என்று நினைத்து, அடுத்த முறை இன்னும் பணிவாக எழுதிப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை. பேசிப் பிரியும்போது இருவருக்கும் நடுவில் முடிக்காத வேலை எதுவும் இல்லையென்றால், மறுநாள் எழுதுவதற்கு விஷயமே இருக்காது. ஒவ்வொரு பேச்சிலும் ஒரு சிறு பாக்கி வைத்துவிட்டு வரவேண்டும். இந்தக் கட்டுரை அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

எங்கே போவது

நவம்பரில் நடக்கும் பெங்களூரு டெக் சம்மிட் பெயர்பெற்றது. கர்நாடக அரசு 1998-இல் தொடங்கிய ஐ.டி. கண்காட்சியின் தொடர்ச்சி அது. துறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க நல்ல இடம்தான், ஆனால் அறிமுகம் தேடும் மாணவருக்கு அதைச் சொல்லமாட்டேன். ஸ்டால்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் விற்பனைக் குழுவினர். உங்கள் புராஜெக்டைப் பற்றிக் கேட்கும் பொறியாளர் அங்கே கிடைப்பது அபூர்வம்.

சின்னக் கூட்டங்களுக்குப் போங்கள். பைத்தான் பயன்படுத்துவோரின் பேங்பைப்பர்ஸ் குழு மாதந்தோறும் கூடுகிறது. திறந்த மூல மென்பொருள்காரர்களுக்கு ஃபாஸ் யுனைடெட் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பெரிய மாநாடு போதும் என்றால் பைகான் இந்தியா அல்லது இந்தியாஃபாஸ். பைகான் இந்தியா முதன்முதலில் கூடியதே 2009-இல், நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில். 2024-இல் இரண்டும் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மாநாட்டு மையத்தில் நடந்தன. இவற்றை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். வருபவர்களில் பெரும்பாலோர் கோடு எழுதுகிறவர்கள். மாணவருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா என்று பதிவு செய்வதற்கு முன் பாருங்கள். தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது. பதிவு மேசையில் உட்கார்ந்து பேட்ஜ் எடுத்துக் கொடுப்பவரிடம் எல்லோரும் தாங்களே வந்து பேசுவார்கள்.

மாதச் சந்திப்புகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனி அலுவலகத்தில் நடக்கும். முன்பதிவும் அரசு அடையாள அட்டையும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. லேப்டாப்பின் சீரியல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளும் செக்யூரிட்டி கவுன்டரில் நேரம் போகும். அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். கூட்டம் நிரம்புவதற்கு முன் பத்துப் பேர் மட்டும் இருக்கும் அந்த நேரம்தான் பேச்சைத் தொடங்க மிகச் சுலபமான நேரம்.

முந்தைய நாள்: ஒரே ஒரு கேள்வி

பேச்சாளர் பட்டியலைப் பார்த்து பத்துப் பேரின் வரலாற்றை மனப்பாடம் செய்யவேண்டாம். உங்கள் புராஜெக்டில் நிஜமாகவே முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்றை எடுத்து, முப்பது விநாடியில் சொல்லும்படி சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மூன்றாமாண்டு மாணவியை எடுத்துக்கொள்வோம். பி.எம்.டி.சி. பஸ் நிறுத்தங்களின் தரவை இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறாள். ஒரு கோப்பில் Fraser Town என்றிருப்பது இன்னொன்றில் Frazer Town என்றிருக்கிறது. வேறொரு வரியில் அரசுப் பெயரான Pulakeshinagar. எது எதோடு பொருந்தும் என்று தெரியாமல் நிற்கிறாள். "டேட்டா சயின்ஸில் ஆர்வம் உண்டு" என்று சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். "ஒரே நிறுத்தத்துக்கு மூன்று பெயர் இருக்கிறது, எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டால் பொறியாளர் யாராக இருந்தாலும் ஒரு யோசனை சொல்லாமல் போகமாட்டார்.

பேச்சைத் தொடங்குதல்

யார் பக்கம் போவது என்பதை அவர்கள் நிற்கும் விதமே சொல்லிவிடும். இருவர் நேருக்கு நேர் நெருங்கி நின்று தாழ்ந்த குரலில் பேசினால் விட்டுவிடுங்கள். மூன்று நான்கு பேர் வட்டமாக நின்று ஒரு பக்கம் இடைவெளி இருந்தால் அங்கே போய் நில்லுங்கள். எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் 2017-இல் இதற்குப் பேக்-மேன் விதி என்று பெயர் வைத்தார். அந்த வீடியோ கேமில் வரும் வாய் திறந்த வட்டத்தைப் போல, குழுவாக நிற்பவர்கள் இன்னொருவருக்கு எப்போதும் இடம் விட்டு நிற்கவேண்டும் என்பது விதி. பல மாநாடுகளில் தொடக்கத்திலேயே இதை அறிவிக்கிறார்கள். போய் நின்றதும் பேச அவசரப்படாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள்.

உரை முடிந்ததும் பேச்சாளரை இருபது பேர் சூழ்ந்துகொள்வார்கள். அந்த வரிசையில் முண்டியடிப்பதைவிட, அதே வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது பலன் தரும். அவருக்கும் அதே விஷயத்தில் அக்கறை இருக்கிறது, அவரைச் சுற்றிக் கூட்டமும் இல்லை. நம் மாணவியின் பேச்சு டீ இடைவேளையில் இப்படித்தான் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம்:

"நீங்க எந்த செஷனுக்காக வந்தீங்க?"

"டேட்டா பைப்லைன் செஷனுக்குத்தான். ஆபீஸ்ல அதே வேலைதான் பாக்கறேன். நீங்க படிக்கிறீங்களா?"

"ஆமாங்க, மூணாவது வருஷம். பஸ் ஸ்டாப் டேட்டாவைச் சேர்க்கப் பாத்துட்டு இருக்கேன். ஒரே ஸ்டாப்புக்கு மூணு பேர் வருது. ஸ்பெல்லிங் மேட்ச் பண்ணிப் பாத்தேன், பாதிதான் சரியாச்சு."

"ஸ்பெல்லிங் பாத்தா ஃப்ரேசர் டவுன் ரெண்டும் சேரும். புலிகேசி நகர் எப்படிச் சேரும்? பேரை விட்டுடுங்க. ஸ்டாப்போட அட்சரேகை, தீர்க்கரேகை இருக்குல்ல? தூரத்தை வெச்சு சேருங்க. அப்புறம் பேரைப் பாருங்க."

"அது தோணவே இல்லை. செஞ்சு பாத்துட்டு என்ன வந்துச்சுன்னு உங்களுக்கு எழுதட்டுமா?"

கடைசி வரிதான் பாக்கி. வேலையையோ இன்டர்ன்ஷிப்பையோ அவள் கேட்கவில்லை. அவர் சொன்ன யோசனையின் முடிவைத் தெரிவிக்க அனுமதி வாங்கியிருக்கிறாள். இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

தமிழர் என்று தெரிந்ததும் பேச்சு தமிழுக்கு மாறுவது பெங்களூரில் இயல்பு. வட்டத்தில் கன்னடக்காரரோ வடக்கத்தியரோ ஒருவர் இருந்தால் மட்டும் ஆங்கிலத்திலேயே தொடருங்கள். அவரைப் பேச்சுக்கு வெளியே நிறுத்திவிட்டால், பிறகு அந்த வட்டத்தில் உங்களுக்கும் இடமிருக்காது. இன்னொன்று, இந்தக் கூட்டங்களில் வயது வித்தியாசம் பார்க்காமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நாக்கு வரவில்லையென்றால் 'சார்', 'மேடம்' என்று தொடங்குங்கள், அவர்களே திருத்துவார்கள்.

பத்து நிமிடம் போதும். எதிரே இருப்பவரின் பதில்கள் குட்டையாகி, கண் தோளுக்குப் பின்னால் போனால் நேரம் முடிந்தது. "உங்க நேரத்துக்கு நன்றி, நான் அடுத்த செஷனுக்குப் போறேன்" என்று நீங்களே விடைபெறுங்கள். ஒரு நாளில் இப்படி மூன்று பேச்சு அமைந்தால் நிறைய.

யாராவது சங்கடமாக நடந்துகொண்டாலோ, எண்ணைக் கேட்டு வற்புறுத்தினாலோ பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பைகான் போன்ற மாநாடுகளுக்கு நடத்தை விதிகளும், புகாரைப் பெறும் குழுவும் உண்டு. பதிவு மேசையில் கேட்டால் சொல்வார்கள். பிறகு சந்திக்கலாம் என்று யாராவது சொன்னால், பகலில், ஆள் நடமாட்டமுள்ள ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

தொடர்பில் சேரும் நிமிடம்

லிங்க்ட்இன் செயலியின் தேடல் பெட்டியிலேயே கியூ.ஆர். கோடு இருக்கும். முன்பே திறந்து பழகிக்கொள்ளுங்கள். போனில் Connect பட்டனை நேராக அழுத்தினால் குறிப்பில்லாத வெற்று அழைப்பு போய்விடும். More என்பதைத் தொட்டு, அங்கே குறிப்போடு அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் குறிப்பு சேர்க்க முடியும். எனவே சும்மா கைகுலுக்கியவர்களுக்கு அதைச் செலவழிக்காமல், பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும், சிவாஜி நகர் வருவதற்குள், ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதிவிடுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், எனக்கு என்ன சொன்னார், நான் என்ன செய்வதாகச் சொன்னேன். இரவு தூங்கி எழுந்தால் முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்று செய்திகள்

முதல் செய்தி இரண்டு வேலை நாளுக்குள் போகவேண்டும். வாரக்கடைசிக் கூட்டமென்றால் திங்கள் காலையை விட்டுவிட்டு செவ்வாய் காலை அனுப்புவதே நல்லது. ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்: "சனிக்கிழமை டீ இடைவேளையில் பஸ் நிறுத்தப் பெயர்களைப் பற்றிப் பேசிய மாணவி நான். தூரத்தை வைத்துச் சேர்க்கச் சொன்னீர்கள். இந்த வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்." இதில் கேள்வியும் இல்லை, ரெஸ்யூமேயும் இல்லை. ரெஸ்யூமேயை முதல் செய்தியிலேயே இணைத்தால் பேசியதெல்லாம் இதற்குத்தானா என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும்.

இரண்டாவது செய்திதான் அறிமுகத்தை உறவாக்குவது. ஒரு வாரம், பத்து நாளில், செய்ததையும் சிக்கியதையும் எழுதுங்கள்: "ஐம்பது மீட்டருக்குள் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தேன். புலிகேசி நகர் சரியாகிவிட்டது. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிரே இருக்கும் நிறுத்தங்களும் ஒன்றாகிவிட்டன. பஸ் போகும் திசையையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்." கூடவே கிட்ஹப் இணைப்பு. அவர் சொன்னதைச் செய்திருக்கிறாள், அது எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள், அடுத்து என்ன என்று தானே யோசித்திருக்கிறாள். நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பது இவற்றைத்தான்.

பதில் வரவில்லையா? பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சந்திப்பில் அவரே எதிரே வரலாம்.

வேலையைப் பற்றிய மூன்றாவது செய்தி, அவருடைய கம்பெனியில் உங்களுக்குப் பொருந்தும் இடம் அறிவிக்கப்படும்போது மட்டும். "ஏதாவது வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். ரெஃபரல் என்பது பெரும்பாலான கம்பெனிகளில், ஊழியர் உள் தளத்தில் உங்கள் ரெஸ்யூமேயை ஏற்றி, பணியிட எண்ணைக் குறிப்பிட்டு, உங்களை எப்படித் தெரியும் என்று இரண்டு வரி எழுதுவது. எனவே அந்தப் பணியிட எண், ஒரு பக்க ரெஸ்யூமே, அவர் அப்படியே எடுத்துப் போடக்கூடிய மூன்று வரி ஆகியவற்றை நீங்களே தயாராகக் கொடுங்கள். "உங்களுக்குச் சரியென்று பட்டால் மட்டும்" என்று சேர்த்து எழுதுங்கள். சில கம்பெனிகளில் கூட வேலை பார்க்காதவரைப் பரிந்துரைக்கத் தயங்குவார்கள், அவர் மறுத்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமேயை ஒரு ஆள் கண்ணில் படவைக்கும், தேர்வை நீங்கள்தான் எழுதவேண்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முடிவு வந்த அன்றே பரிந்துரைத்தவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.